மதகு திறந்த பின் வரும் கழிச்சல்

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் போதிய அளவு இருந்தால், கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் முதல் தேதி மதகு திறப்பது வழக்கம். லோயர் கேம்ப்பில் இறங்கும் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாயும். நாற்றங்கால், நடவு, உரம், ஆள் கூலி என்று ஊரே பரபரப்பாக இருக்கும் அந்த நாட்களில் யாரும் கவனிக்காத இன்னொரு போகமும் தொடங்குகிறது. வாய்க்கால் ஓரச் சேற்றில் கோடை முழுக்க அசையாமல் கிடந்த நத்தைகள் ஈரம் பட்டதும் எழுந்து முட்டையிட ஆரம்பிக்கின்றன.

அதிலிருந்து மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, கால்நடை மருந்தகத்துக்கு ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வால், பின்னங்கால் எல்லாம் பச்சைத் தண்ணீராக ஒட்டியிருக்கும். பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். தாடைக்குக் கீழே பை போலத் தொங்கும். அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். "போன மாசந்தான் பூச்சி ஊசி போட்டாக சார், இன்னும் கழியுது" என்பார் கொண்டு வந்தவர். சாணத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் முட்டை எதுவும் இல்லை என்று வரும். புழு இல்லை என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். நாலைந்து நாளில் கன்று செத்துப்போகும்.

ஊசி போட்டது உண்மை, பரிசோதனை செய்தது உண்மை, புழு இருந்ததும் உண்மை. மூன்றும் ஒருசேர எப்படிப் பொருந்துகின்றன என்பது விளங்கினால், இந்தப் பள்ளத்தாக்கின் ஒட்டுண்ணிக் கணக்கில் பாதி விளங்கிவிடும்.

அந்தக் கன்றைக் கொன்றது ஆம்பிஸ்டோம் எனப்படும் இரைப்பைத் தட்டைப்புழு. தட்டைப்புழு என்று பெயர் இருந்தாலும் ஆளைப் பார்த்தால் தட்டையாக இருக்காது. இறைச்சிக் கடையில் மாட்டின் பெருவயிற்றைப் பிளக்கும்போது, உள்சுவரில் மாதுளை முத்துப் போலச் செந்நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்குமே, அதுதான் வளர்ந்த புழு. பெருவயிற்றில் அது பெரிய தொல்லை எதுவும் தருவதில்லை. நன்றாகப் பால் கறக்கும் மாட்டிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். கெடுதல் செய்வது அதன் குட்டிப் பருவம். அந்தப் பருவம் கன்றின் வயிற்றுக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்ப்போம்.

வளர்ந்த புழு இடும் முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. அந்தச் சாணம் தண்ணீரில் விழுந்தாலோ, சாணம் கிடந்த இடத்தில் தண்ணீர் ஏறினாலோ, நம்மூர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டையின் மூடி திறந்து மிராசிடியம் என்ற நுண்ணிய லார்வா நீந்தி வெளிவரும். அதற்கு வாய் கிடையாது, இரையும் கிடையாது. ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தையைத் துளைத்து உள்ளே போகாவிட்டால் சாக வேண்டியதுதான்.

நெல் வயலில் அந்த நத்தைக்குப் பஞ்சமில்லை. இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வரப்போரம் குனிந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கூம்பு போல உயராமல், ஒரே தளத்தில் சுருட்டிவைத்த கயிறு மாதிரி தட்டையாக இருக்கும் ஓடு. பெரியதென்றால் நகக்கண் அளவு அகலம். ஓட்டை நசுக்கினால் சிவப்பாகக் கசியும், ஏனென்றால் அதன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே உடலில் இருப்பதால் துணையில்லாத ஒற்றை நத்தையும் முட்டையிட்டுப் பெருகும். வாய்க்கால் வற்றினால் சேற்றில் புதைந்து அடுத்த தண்ணீர் வரை தாக்குப்பிடிக்கும். வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஓடி, இடையில் கொஞ்ச காலமே காயும் பள்ளத்தாக்கு அதற்கு வாகான இடம்.

உள்ளே போன ஒரு மிராசிடியம் நத்தைக்குள் பல மடங்காகப் பெருகுகிறது. சுமார் ஐந்து வாரம் கழித்து வால் முளைத்த செர்கேரியாக்களாக வெளியேறுகிறது. வெளியேற வெளிச்சம் வேண்டும். வயலில் பிடித்த நத்தைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில், கொஞ்சம் தண்ணீரில் போட்டு, காலை வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நோய் தாங்கிய நத்தை இருக்கும் குவளையில் மட்டும் தூசி நடுங்குவது போல ஏதோ நீந்துவது தெரியும். லென்ஸில் பார்த்தால் வாலை அடித்து அடித்துப் போவது புரியும். இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. எந்த வாய்க்கால் ஆபத்தானது என்பதை மாட்டுக்கு நோய் வரும் முன்பே சொல்லிவிடும்.

செர்கேரியா நெடுநேரம் நீந்துவதில்லை. புல்லிலோ நாற்றின் தண்டிலோ ஒட்டி, வாலை உதிர்த்து, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். இதுதான் மெட்டாசெர்கேரியா. ஈரம் இருக்கும்வரை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போனதும் கூடு கரைந்து, குட்டிப் புழு முன்சிறுகுடலில் வெளிவருகிறது. நேராகப் பெருவயிற்றுக்கு ஏறிப் போகாமல் குடலின் உட்சவ்வுக்குள் புதைந்து, அதைத் தின்று, ஆறு வாரம் வரை அங்கேயே வளர்கிறது. ஆயிரக்கணக்கான குட்டிகள் ஒரே இடத்தில் புதைந்தால் சவ்வு பிய்ந்து, புரதமும் இரத்தமும் குடலுக்குள் ஒழுகும். நாற்றக் கழிச்சல் அதனால் வருவது. இரத்தத்தில் புரதம் குறைவதால் தாடையில் நீர் கோக்கிறது. பிழைத்த புழுக்கள் பிறகு மேலே ஏறிப் பெருவயிற்றில் குடியேறி முட்டையிடத் தொடங்கும். புல்லோடு உள்ளே போன நாளிலிருந்து சாணத்தில் முட்டை தெரிய ஏழு முதல் பத்து வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும்.

கன்று சாவது அந்த ஏழு வாரத்துக்குள். முட்டையிடும் வயது வராத புழுவின் முட்டையைச் சாணத்தில் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? பரிசோதனை முடிவு சரியானதுதான், அதைப் படித்த விதம்தான் தவறு. இந்தப் பருவத்தில் தேட வேண்டியது குட்டிப் புழுவை. மலக்குடலிலிருந்து எடுத்த கழிச்சலை வடிகட்டித் துணியில் ஊற்றித் தண்ணீர் விட்டு அலசுங்கள். துணியில் தங்கியதைக் கறுப்புத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு பரப்பினால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் இளஞ்சிவப்பு மணிகள் தெரியும், சில நெளியும். வெள்ளைத் தட்டில் போட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். இறந்த கன்றை அறுத்தால் சிறுகுடலின் முதல் ஒரு முழத்தைப் பிளந்து பாருங்கள். சவ்வு தடித்து மடிப்பு மடிப்பாக, அதற்குள் இதே மணிகள் புதைந்திருக்கும். பெருவயிற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவருக்கு இது தெரியாமலே போகும்.

வளர்ந்த புழுவுக்கான சாணப் பரிசோதனையிலும் ஒரு வழுக்கல் உண்டு. உருண்டைப்புழு முட்டைக்குப் பழகிய உப்புக் கரைசல் முறை இங்கே உதவாது. தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காமல் அடியில் போய்விடும். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, படியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டி, திரும்பத் திரும்பத் தெளியவைத்து அடி வண்டலைப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் சேர்த்தால் செடித் துணுக்குகள் நீலமாகும், முட்டை ஏறாமல் தனித்து நிற்கும். நிறமற்றுத் தெளிவாக இருந்தால் ஆம்பிஸ்டோம். பொன்மஞ்சளாக இருந்தால் ஈரல் தட்டைப்புழு, பித்தத்தில் ஊறிய நிறம் அது.

இனி ஊசிக்கு வருவோம். "பூச்சி ஊசி" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் ஐவர்மெக்டின். உருண்டைப்புழுவுக்கும் உண்ணிக்கும் பேனுக்கும் சொறிக்கும் நல்ல மருந்து. தட்டைப்புழுவை அது தொடவே தொடாது. ஆல்பென்டசோல், ஃபென்பென்டசோல் மாத்திரைகளும் குடலில் புதைந்த ஆம்பிஸ்டோம் குட்டிகளிடம் செல்லாது. ஈரல் தட்டைப்புழுவுக்குப் பேர்போன டிரைகிளபென்டசோல்கூட ஆம்பிஸ்டோமுக்கு உதவாது. இங்கே வேண்டியது ஆக்சிகுளோசனைடு.

அளவை ஒரு கன்றை வைத்தே போட்டுப் பார்ப்போம். எட்டு மாதக் கலப்பினக் கிடேரிக் கன்று என்று வைத்துக்கொள்வோம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அளந்தால் 44 அங்குலம். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளம் 38 அங்குலம். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். 44 × 44 × 38 என்பது 73,568. வகுத்தால் 111 கிலோ. வளர்ந்த புழுவுக்கு ஆக்சிகுளோசனைடு கிலோவுக்கு 15 மில்லிகிராம் போதும். குடலில் புதைந்த குட்டிகளுக்கு அது பத்தாது, கிலோவுக்கு 18.7 மில்லிகிராம் வீதம், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை தர வேண்டும். 111 கிலோவுக்கு 2,076 மில்லிகிராம். ஒரு கிராம் மாத்திரை என்றால் இன்று இரண்டு, மூன்று நாள் கழித்து இரண்டு. கண்ணால் பார்த்து "எம்பது கிலோ இருக்கும்" என்று ஒன்றரை மாத்திரையோடு நிறுத்துவதுதான் நடைமுறையில் நிறைய நடக்கிறது. அரைகுறை டோஸில் கன்றும் தேறாது, மருந்துக்குத் தப்பிய புழுக்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்கும்.

மருந்து கொடுத்த ஓரிரு நாள் சாணம் இன்னும் இளகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் "சார் கொடுத்த மருந்துல கூடிருச்சு" என்று இரண்டாவது தவணைக்கு வரமாட்டார்கள். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கும் அளவுக்கு நீர் வற்றிய கன்றுக்குப் புழு மருந்தை விடச் சிரை வழி நீர்தான் முதலில்.

ஆம்பிஸ்டோமைச் சுமக்கும் இதே நத்தை இன்னொரு நோயையும் சுமக்கிறது. அதன் கதை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாடு மூச்சு விடும்போது தூரத்திலிருந்தே குறட்டைச் சத்தம் கேட்கும். மூக்கில் சளியும், சில சமயம் இரத்தமும் ஒழுகும். டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்கின் உள்ளே காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்திருக்கும். இதற்குக் காரணமான இரத்தத் தட்டைப்புழுவுக்குச் சிஸ்டோசோமா நேசேல் என்று பெயர் வைத்து 1933இல் விவரித்தவர் சென்னையில் ஆய்வு செய்த எம்.ஏ.என். ராவ். கன்றுகளுக்குச் சோதனையாக நோயை உண்டாக்கி அது வரும் வழியை மெய்ப்பித்தார்.

ஆம்பிஸ்டோமோடு இதை ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். இதன் முட்டை சாணத்தில் வராது, மூக்குச் சளியில் வரும். பூமராங் போல வளைந்த முட்டை. சளியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்துப் பார்த்தால் தெரியும். மாடு குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது தும்மினால் போதும், முட்டை நேராகத் தண்ணீரில் விழுகிறது. உள்ளே லார்வா ஏற்கெனவே தயாராக இருப்பதால் இரண்டு வாரக் காத்திருப்பும் இல்லை. நத்தையிலிருந்து வரும் செர்கேரியாவின் வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அது புல்லில் ஒட்டுவதில்லை, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்தே உள்ளே போகிறது. எனவே புல்லைக் காயவைத்துப் போட்டால் ஆம்பிஸ்டோமைத் தடுக்கலாம், குறட்டை நோயைத் தடுக்க முடியாது. அதற்கு மாட்டை வாய்க்காலில் இறக்காமல், கரையில் தொட்டி கட்டித் தண்ணீர் காட்ட வேண்டும். நடவுக்கு இறங்கும் பெண்கள் காலில் அரிப்பும் தடிப்பும் என்று சொல்வதற்கு உரமும் பூச்சிமருந்தும் மட்டும் காரணமல்ல. மாட்டுக்கான இந்தச் செர்கேரியா வழிதவறி மனிதத் தோலில் நுழைந்து அங்கேயே செத்தாலும் அதே அரிப்பு வரும். குறட்டை மாடு இருக்கும் தெருவில் இதையும் விசாரிப்பது நல்லது.

தடுப்பு என்று வரும்போது, மூன்று மாதத்துக்கொரு முறை குடற்புழு நீக்கம் என்ற பொது அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று போட்டால் ஜூலை தவணை வீண். அப்போது நத்தைக்குள்தான் பெரும்பாலான புழு இருக்கிறது, மாட்டுக்குள் அல்ல. மதகை வைத்துக் கணக்குப் போடுவதுதான் சரி. ஜூன் முதல் வாரம் வயலில் தண்ணீர் ஏறும்போது அங்கே கிடக்கும் சாணத்து முட்டை அந்த மாதம் மூன்றாம் வாரம் பொரிக்கும், ஜூலைக் கடைசியில் நத்தையிலிருந்து வெளிவரும், ஆகஸ்ட்டில் வரப்புப் புல்லில் இருக்கும். ஆகவே முதல் தவணை மே மாதம், தண்ணீர் வரும் முன்: வளர்ந்த மாடுகளுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஆக்சிகுளோசனைடு. இது மாட்டைக் காப்பாற்றத் தருவதல்ல, வயலில் முட்டை விழாமல் தடுக்கத் தருவது. விவசாயிக்கு இதைப் புரியவைப்பது கடினம், ஏனென்றால் அந்த மாடு அப்போது நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஆபத்து முதல் போக அறுவடைக்குப் பின். அறுத்த வயலில், அடித்தாளில் ஈரம் காயாத நிலையில் மாடுகளை அவிழ்த்து விடுகிறார்கள். இத்தனை நாள் தண்ணீருக்குள் நின்ற தண்டின் அடிப்பகுதியில்தான் கூடு கட்டிய மெட்டாசெர்கேரியாக்கள் இருக்கின்றன. மேய்ந்த மூன்று நான்கு வாரத்தில் கன்றுகளைப் பார்த்துவிட வேண்டும். கழிச்சல் தொடங்கியிருந்தால் மேலே சொன்ன இரட்டைத் தவணை, இல்லாவிட்டால் கண்காணிப்பு. அறுத்துப் போடும் புல்லென்றால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுக்கச் சொல்லுங்கள். வைக்கோலைப் பச்சையாகப் போடாமல் நன்கு காயவைத்துப் போரில் அடுக்கிய பிறகு போட்டால் கூட்டுக்குள் இருப்பவை வறண்டு சாகும்.

நத்தையையே ஒழித்தால் என்ன என்ற கேள்வி வகுப்பில் எப்போதும் வரும். மயில்துத்தம் நத்தையைக் கொல்லும், மீனையும் கொல்லும். கண்மாய்க்குப் போகிற வாய்க்காலில் அதைக் கலக்க ஒருவரும் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் கூடாது. அறுவடைக்குப் பின் வயலில் வாத்து மேய்ப்பது நத்தையைக் கணிசமாகக் குறைக்கும். இந்தோனேசியாவில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். வாத்தின் குடலில் வாழும் வேறொரு தட்டைப்புழுவின் லார்வா நத்தைக்குள் புகுந்தால், அங்கே இருக்கும் ஈரல் தட்டைப்புழு லார்வாக்களைத் தின்றுவிடுகிறது. அதனால் வாத்து எச்சத்தை மாட்டுச் சாணத்தோடு கலந்து வயலுக்கு இடும் முறையைப் பரிந்துரைத்தார்கள். வாத்து மந்தைகள் ஊர் ஊராகப் போகும் தமிழ்நாட்டில் முயன்று பார்க்கத் தகுந்த யோசனை.

வாத்தை விடக் கிடைதான் இங்கே பெரிய விஷயம். கோடையில் காய்ந்த வயலில் ஆட்டுக்கிடையும் மாட்டுக்கிடையும் போட்டு உரமேற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். மே மாத வெயிலில் மேலாகக் கிடந்து காயும் சாணத்தில் தட்டைப்புழு முட்டை தங்காது. தண்ணீர் திறக்கப்போகும் கடைசி வாரத்தில் போட்ட கிடையின் சாணம்தான் ஈரத்தோடு தண்ணீரைச் சந்திக்கிறது. கிடைக்காரருக்கும் வயல்காரருக்கும் இடையே பேச்சு முடியும் முன் கிடைமாட்டுக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்பது கால்நடை ஆய்வாளரின் வேலை. மலைமாடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனத்தில் மேய்ச்சலுக்கு விதித்த தடை, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டாலும், மேகமலை அதற்குள்ளேயே வருகிறது. அதனால் மேட்டில் மேய்ந்தே பழகிய மாடு வாய்க்கால் ஓரத்துக்கு இறங்கினால், இந்தப் புழுவை முன்பின் சந்தித்திராததால் வளர்ந்த மாடும் கன்றைப் போலவே நோயில் விழலாம். சிறுகச் சிறுகத் தொற்றிய மாட்டுக்குத்தான் எதிர்ப்பு வளரும். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அந்த எதிர்ப்பு சரியாக வளர்வதே இல்லை.

ஆட்டைக் குறித்துச் சுருக்கமாக ஒன்று. ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் ஹீமோன்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி. கழிச்சல் இருக்காது, ஆடு வெளுத்துப்போய்ச் சாகும். கீழ் இமையை விலக்கி நிறம் பார்த்து, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து தருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து பரவிய நல்ல முறை. சிவந்த கண் ஆடுகளை விட்டுவைப்பதால் மருந்து படாத புழுக்களும் மேய்ச்சலில் மிஞ்சும். அவை மருந்துக்குத் தப்பியவற்றோடு கலந்துவிடுவதால் மருந்து சீக்கிரம் பலனிழக்காது. இந்தப் புழு லார்வா வெயில் பிரதேசப் புல்லில் ஒரு மாதத்துக்கு மேல் அதிகம் தாங்குவதில்லை. நாலு நாளைக்கொரு முறை இடம் மாறி, அதே இடத்துக்கு ஒரு மாதம் திரும்பாத கிடை, புத்தகம் சொல்லும் சுழற்சி மேய்ச்சலைத் தன்னையறியாமல் செய்துகொண்டிருக்கிறது.

உண்ணிக்கு வந்தால் வாய்க்காலை விட்டுத் தொழுவத்துக்குள் நுழைய வேண்டும். மாட்டில் மிகுதியாகப் பார்ப்பது ரிபிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ். இது லார்வாவாக மாட்டின் மேல் ஏறி, அதே மாட்டிலேயே தோலுரித்து, இரத்தம் குடித்துப் புடைத்துக் கீழே விழ சுமார் மூன்று வாரம். விழுந்த பெண் உண்ணி சுவர் வெடிப்பிலோ கல்லிடுக்கிலோ வரட்டி அடுக்கின் அடியிலோ போய் இரண்டாயிரம், மூவாயிரம் முட்டையிட்டுச் சாகும். வெளியே சில வாரம் கழித்துப் பொரித்த லார்வாக்கள் மாட்டுக்காகக் காத்திருக்கும். ஒரு நாளில் எண்ணினால், மாட்டில் தெரியும் உண்ணியை விடத் தொழுவத்தில் தெரியாமல் இருப்பது பல மடங்கு. மாட்டை மட்டும் கழுவினால் பத்து நாளில் பழையபடி ஏறிவிடுவது இதனால்தான்.

மாட்டுக்கு அமிட்ராஸ் 12.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு இரண்டு மில்லி. பிரச்சினை கலவையில் வருவதில்லை, தண்ணீரின் அளவில் வருகிறது. வளர்ந்த மாடு காது உட்புறம், மடிக்குப் பின், வால் அடி, கால் இடுக்கு எல்லாம் சொட்டச் சொட்ட நனைய நாலு லிட்டர் வேண்டும். அரை லிட்டரில் துணியை நனைத்து முதுகில் தடவுவது உண்ணிக்கு மருந்தைப் பழக்குவதாகத்தான் முடியும். டெல்டாமெத்ரினுக்கு நாட்டின் பல பகுதிகளில் உண்ணி இப்படித்தான் பழகிப்போய்விட்டது. அதே தொழுவத்தில் குதிரை கட்டியிருந்தால் அதற்கு அமிட்ராஸ் படக்கூடாது. கறவை மாட்டுக்கு உண்ணிக்காக ஐவர்மெக்டின் போட்டுவிட்டுப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுவதும் கூடாது.

ஜெர்சி கலப்பினத்தில் உண்ணி மொய்த்து, பக்கத்தில் கட்டிய மலைமாட்டில் நாலைந்தே இருப்பதைப் பார்க்கலாம். நாட்டு மாட்டின் தோலில் எதிர்ப்பு அதிகம். நக்கியும் உதறியும் லார்வாவிலேயே பாதியைத் தள்ளிவிடும். கலப்பினம் உண்ணியோடு காய்ச்சலும் சேர்த்து வாங்குகிறது. ஹையலோமா உண்ணி கடத்தும் தைலேரியாவில் தோள் முன்னால் நிணநீர்க்கட்டி எலுமிச்சை அளவு வீங்கும், சிறுநீர் நிறம் மாறாது. ரிபிசெஃபாலஸ் கடத்தும் பபேசியாவில் சிறுநீர் காபி நிறத்தில் வரும். பபேசியா தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியே குஞ்சுகளுக்கும் போவதால், இதுவரை எந்த மாட்டையும் கடிக்காத லார்வாவே நோயோடு பிறக்கிறது.

தொழுவத்தில் செய்ய வேண்டியது சுவர் வேலைதான். வெடிப்புகளைச் சிமெண்டாலோ களிமண்ணாலோ பூசி, அதன் மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கல் சுவரின் இடுக்குகளுக்குத் தீச்சுடர் காட்டலாம், கூரை ஓலை இல்லாவிட்டால் மட்டும். வரட்டியைத் தொழுவச் சுவரில் தட்டுவதை நிறுத்தி வேறு சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். மாட்டுக்கு மருந்து அடித்த அன்றே சுவருக்கும் தரைக்கும் அடித்து, மூன்றாம் வாரம் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாள் வெளியே இருந்ததால் தப்பிய லார்வாக்கள் அதற்குள் மாட்டில் ஏறியிருக்கும், ஆனால் புடைத்து விழுந்து முட்டையிட்டிருக்காது. நாலாம் வாரத்துக்குத் தள்ளினால் அவை விழுந்து சுவருக்குள் போய்விடும், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.